ராத்திரிச் சாப்பாடு, சாயங்காலம் ஐந்தேகால்

நாட்டின் நிதியமைச்சர் பட்ஜெட் வாசிக்கப் போனால் வாசலில் கேமராக்கள் நிற்கும். வேங்கிக்கால் பள்ளியொன்றின் பி.டி. மாஸ்டர் ஆதிராஜ் பட்ஜெட் வாசிக்கப் போனபோது பிரின்சிபால் அறை வாசலில் பியூன் சடையன் மட்டும் நின்றார். அவரும் மணியடிக்கப் போய்விட்டார்.

இருபது வருஷமாக ஆதிராஜ் பெண்பிள்ளைகளை வேனில் ஏற்றி, ஊர் ஊராக வாலிபால் ஆடக் கூட்டிப்போகிறார். சொந்த மைதானத்தில் ஒரு போட்டி நடத்தியதில்லை. இரண்டு முறை பட்ஜெட் கொண்டுபோய் இரண்டு முறையும் திரும்பினார். முதல் முறை செலவு மட்டுமே இருந்தது. வரவு என்று ஒன்று உண்டு என்பதை அவர் யோசிக்கவில்லை. அடுத்த முறை வரவும் செலவும் சரியாகப் பொருந்தின. "ஒரு பொண்ணுக்குக் கால் சுளுக்குனா ஆட்டோவுக்கு யார் குடுப்பாங்க மாஸ்டர்? அண்ணாமலையாரா?" என்று பிரின்சிபால் ரேணுகாம்பாள் கேட்டதோடு அந்தக் கதை முடிந்தது. இந்த முறையும் திரும்பினால், கேப்டன் அக்ஷயாவும் அவள் கூட்டமும் பிளஸ் டூ முடித்துப் போய்விடுவார்கள். ஒரு தடவையாவது சொந்த ஊர்க்காரர்கள் கைதட்ட ஆடவேண்டும் என்பது அவர்கள் ஆசை. அவர்களைவிட மாஸ்டருக்கு ஆசை ஜாஸ்தி.

"பௌர்ணமி இல்லையே?" என்றுதான் அம்மையார் ஆரம்பித்தார். கிரிவலக் கூட்டத்தில் வெளியூர் வேன் ஊருக்குள் நுழைய முடியாது.

"இல்ல மேடம். பார்த்துத்தான் சனி ஞாயிறு வெச்சிருக்கேன்."

"ம். படிங்க."

மாஸ்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். எட்டு டீம், நுழைவுக் கட்டணம் தலா ஆயிரம், ஆக எட்டாயிரம். நிர்வாகம் இருபதாயிரம், பெற்றோர் ஆசிரியர் கழகம் பத்தாயிரம், கீழ்பென்னாத்தூர் எண்ணெய் ஆலைக்காரர் கையில் கொடுத்துவிட்ட ஏழாயிரம். மொத்த வரவு நாற்பத்தைந்தாயிரம். செலவில் நடுவர்களுக்கு ஆறாயிரத்து நானூறு, நூறு பேருக்கு நான்கு வேளைச் சாப்பாடு இருபதாயிரத்து ஐந்நூறு, கோப்பை, மெடல், பொன்னாடை, நினைவுப் பரிசு ஏழாயிரம், பந்து, வலை, சுண்ணாம்புக்கோடு நாலாயிரத்து அறுநூறு, தண்ணீர், முதலுதவி இரண்டாயிரத்து ஐந்நூறு. போக மிச்சம் நாலாயிரம், எதிர்பாராச் செலவுக்கு. அந்தக் கடைசி வரியை, குழந்தைக்குப் பெயர் வைக்கிறவர் மாதிரி இரண்டு தடவை படித்தார்.

ரேணுகாம்பாள் கால்குலேட்டரைத் தட்டினார். கணக்கு உதைக்கவில்லை. ஆனால் நிகழ்ச்சி நிரலில் விரல் நின்றது.

"ராத்திரிச் சாப்பாடு சாயங்காலம் அஞ்சேகாலுக்கா?"

"ஆமா மேடம். இருட்டுறதுக்குள்ள."

இதில் கேட்க என்ன இருக்கிறது என்று மாஸ்டர் நிஜமாகவே விழித்தார். அவர் சமணக் குடும்பம். பிறந்ததிலிருந்து வீட்டில் சூரியன் மறைவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். உலகம் முழுக்க அப்படித்தான் என்று அவர் நினைக்கவில்லை. அதைப்பற்றி நினைக்கவே இல்லை.

"மறுநாள் காலையில டிபன் எட்டு மணிக்குத்தான். நாள் பூரா குதிச்ச புள்ளைங்க, அஞ்சேகாலுக்குச் சாப்ட்டுட்டு? ஒன்பது மணிக்கு வலையைக் கடிச்சித் தின்னுடும்!"

மாஸ்டர் முகம் வாடிவிட்டது. "சமையல் என் மச்சான் நிர்மல், மேடம். பொழுது சாஞ்சா அடுப்பை அணைச்சிடுவான். அதனாலதான் ராத்திரி வேளைக்கு ஆளுக்கு அம்பது ரூபாய்க்கு ஒத்துக்கிட்டான். வேற ஆள்னா எம்பது. மூவாயிரம் கூடிடும்."

"அப்போ?"

"ஒன்பது மணிக்குப் பாலும் பன்னும் குடுத்துடலாம். ஆளுக்கு இருபது, ரெண்டாயிரம். அந்த நாலாயிரத்துல இருந்து..."

"கையை எடுங்க!" மாஸ்டர் நிஜமாகவே பேப்பரிலிருந்து கையை எடுத்தார். "தெரிஞ்ச செலவை எதிர்பாராச் செலவுல போடக்கூடாது. பசி எதிர்பாராததா? வேற எங்கயாவது குறைங்க."

வாலிபாலில் எந்தப் பந்துக்கும் பாயக்கூடிய மனிதர், ஐந்து செலவு வரிகளில் எதிலும் பாய வழியின்றி உட்கார்ந்திருந்தார். நடுவர் கூலியில் கை வைக்க முடியாது. மெடலைக் குறைத்தால் மூன்றாமிடத்துப் பிள்ளைகள் வெறுங்கழுத்தோடு நிற்கும். அக்ஷயாவிடம் என்ன சொல்வது?

"இந்தப் பொன்னாடை, நினைவுப் பரிசு எவ்ளோ?"

"ரெண்டாயிரம். தாளாளருக்கு, சிறப்பு விருந்தினருக்கு, அப்புறம்... உங்களுக்கு."

"என் பீரோவுல ஏற்கனவே ஒரு ஜவுளிக்கடை இருக்கு சார். அடிங்க."

"தாளாளர் கோவிச்சிக்குவாரே?"

"அவர் பீரோவைப் போய்ப் பாருங்க. நான் பேசிக்கிறேன்."

மாஸ்டர் அடித்தார். பொன்னாடை போய்ப் பாலும் பன்னும் வந்தன. நாலாயிரம் நாலாயிரமாகவே இருந்தது. அம்மையார் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடாமல் கேட்டார்:

"லீக் ஆட்டம் ஆறு வரைக்கும் ஓடுது. ஒவ்வொரு டீமா வந்து சாப்பிடும், சரி. நீங்க கோர்ட்டை விட மாட்டீங்களே. எப்ப சாப்பிடுவீங்க?"

"ஒரு நாள்தானே மேடம். பட்டினி கிடந்துடுவேன்."

"அதெல்லாம் வேணாம். அஞ்சேகாலுக்கு நான் வந்து நிக்கிறேன். நீங்க போய் உக்காந்து சாப்பிடுங்க. பிள்ளைங்க சண்டை போட்டா மட்டும் என்ன பண்ணணும்னு சொல்லிக்குடுங்க."

ஆதிராஜ் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, சட்டையில் நன்றாகத் துடைத்து மேஜைமேல் வைத்தார்.

"புதுசு வாங்கிக் குடுங்க," என்றார் ரேணுகாம்பாள்.

"அது பட்ஜெட்ல இல்லையே மேடம்."