இருபது பேர் கொள்ளும் தாள்

எங்கள் சபையின் திருமணத் தகவல் மையத்துக்கு நான் இலவசமாக ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறுகிறது. எழுதியவன் நானே என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

நாகர்கோவிலில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் எனக்கு வேலை. டேட்டாபேஸ்தான் என் பக்கம். பகல் முழுவதும் யாரோ வெளிநாட்டுக்காரனின் கிடங்குக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவன், சொந்தச் சபைக்கு ஒரு சின்ன வேலை செய்து கொடுக்க மாட்டானா என்று கேட்டார்கள். செய்து கொடுத்தேன். மூன்று நாள் வேலை. அந்த மூன்று நாளும் என்னைப் போல ஒருவன் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்ற நினைப்பு எனக்கு.

மையத்தை நடத்துபவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். சபையில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். சபைக் கோயிலை ஒட்டிய அறையில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து உட்காருவார். முதல் வேலையாகப் பெண்களின் பட்டியலை ஒரு தாளில் அச்சிட்டு வெளியே பலகையில் குத்துவார். பெயர் இருக்காது, பதிவு எண், வயது, படிப்பு, வேலை மட்டும். புதிதாகப் பதிந்தவர்கள் மேலே. ஒரு தாளில் இருபது பேருக்குத்தான் இடம். பையன் வீட்டார் பலகையில் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு உள்ளே வந்தால், டீச்சர் கம்ப்யூட்டரில் அந்த எண்ணைத் திறந்து விவரத்தை வாசித்துச் சொல்வார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது சம்பந்தம் முடிந்துவிட்டால் அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதனால் போன வாரம் இருந்த எண் இந்த வாரம் இல்லையென்றால், முடிந்துவிட்டது என்று வந்தவர்களே புரிந்துகொள்வார்கள். யாரும் உள்ளே வந்து கேட்பதில்லை. முடிந்துபோன பெண்ணை விசாரிப்பது மரியாதையில்லை.

பெயர் பதிவது வருஷத்துக்கு இரண்டே நாள்தான். சபையின் அறுவடைத் திருநாளான அறுப்பின் பண்டிகை முடிந்த சாயங்காலம் ஒன்று, ஈஸ்டர் கழித்து ஒன்று. அந்த அறுப்பின் பண்டிகையன்று முப்பத்துநான்கு பெண்களின் படிவங்கள் வந்தன. முப்பத்துநான்காவது என் அக்காவுடையது.

அக்கா ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். வயது முப்பத்துநான்கு. ஏற்கெனவே நான்கைந்து இடம் வந்து தட்டிப்போனதில் சலித்துப்போனவள். "இது கடைசி. இதுக்குப் பெறவு எவனாவது எனக்க போட்டோவ கேட்டு வந்தா, அவனுக்க ரத்தத்த எடுத்துட்டுத்தான் விடுவேன்" என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாள். சொந்த வீட்டை முன்னால் வைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாதென்று, அவள் படிவத்தை அடியில் வைத்துக் கடைசியாக ஏற்றினேன். பெரிய நேர்மையாளன்.

சில வாரம் கழிந்து டீச்சர் போன் செய்தார்.

"மக்கா, ஒனக்க லிஸ்டு ஒவ்வொரு சமயமும் ஒவ்வொரு மாதிரி வருது. காலைல அடிச்சதுல இருந்த எண்ணு மத்தியானம் அடிச்சதுல இல்ல. மத்தியானம் புதுசா ரெண்டு எண்ணு. நான் ஒண்ணும் மாத்தல்ல."

என் லேப்டாப்பில் ஒரு நகல் வைத்திருந்தேன். அதில் ஓட்டிப் பார்த்தேன். நான்கு தடவை ஓட்டினேன். நான்கு தடவையும் அதே இருபது எண்கள், அதே வரிசை. என் முகத்தில் அப்போது ஒரு சிரிப்பு இருந்திருக்கும். அதை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

"பழைய தாள் கலந்திருக்கும் டீச்சர். லிஸ்டு சரியாத்தான் இருக்கு. அதுல உள்ளத நம்புங்க."

"நீ சொன்னா சரி" என்றார்.

அதற்கடுத்த சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் மறுபடி கூப்பிட்டார். குரலில் ஒரு துள்ளல். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தாராம். மகன் பாலிடெக்னிக்கில் வாத்தியார், முப்பத்தாறு வயது. அக்காவின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, விவரத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். வேலைக்குப் போகிற பெண்தான் வேண்டும் என்று மகன் சொல்லியிருக்கிறானாம். வீட்டில் கலந்துகொண்டு அடுத்த சனிக்கிழமை போன் நம்பர் வாங்க வருகிறேன் என்று போயிருக்கிறார்.

அக்காவிடம் சொன்னேன். "வரட்டும், பாப்போம்" என்றாள். ஆனால் அந்த வாரம் முழுவதும் செல்போனைச் சமையற்கட்டுக்கும் எடுத்துப் போனாள். அடுத்த சனிக்கிழமை லீவு போட்டு வீட்டில் இருந்தாள். அன்றைக்குத் துவைக்க வேண்டாத போர்வைகளையெல்லாம் துவைத்தாள். சாயங்காலம் வரை யாரும் கூப்பிடவில்லை.  

மூன்று ஞாயிறு போயிற்று. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். முகம் கடுத்திருந்தது.

"அக்காவுக்கு முடிஞ்சத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? அந்த மார்த்தாண்டத்துக்காரரு பலகையப் பாத்துட்டு வாசல்ல நின்னாரு. எண்ணு இல்லியேன்னு கேட்டாரு. நானும் பாத்தேன், இல்ல. முடிஞ்சிருக்கும்னு சொல்லி அனுப்பிச்சேன்."

"யாருக்கு டீச்சர் முடிஞ்சுது?"

"லிஸ்டுல இல்லியே மக்கா. நீதான சொன்ன, லிஸ்ட நம்பணும்னு."

சாவியை வாங்கி அந்த அறையைத் திறந்து, அங்கிருந்த கம்ப்யூட்டரிலேயே ஓட்டினேன். இருபது எண்கள் வந்தன. அக்கா இல்லை. அழிக்கப்பட்டாளா என்று பார்த்தேன். பத்திரமாக இருந்தாள், சம்பந்தம் முடியாதவளாகவே. டீச்சர் பக்கத்தில் நின்று, "மத்த பிள்ளையளுக்க விவரமாவது ஒழுங்கா இருக்கா, இந்த மேல உள்ள எண்ணத் தெறந்து பாரு" என்றார். திறந்தேன். மூடிவிட்டு மறுபடி ஓட்டினேன். சற்றுமுன் திறந்த எண்ணைக் காணோம். அதற்குப் பதில் கீழே புதிதாக ஒரு எண் ஏறியிருந்தது.

அப்போதுதான் என் புத்திக்கு எட்டியது. பதிவுத் தேதிப்படி அடுக்கு, முதல் இருபதைக் கொடு. ஆர்டர் பை, லிமிட். நான் எழுதியது அவ்வளவுதான். முப்பத்துநான்கு பேருக்கும் ஒரே தேதி. மணி, நிமிஷம்கூட நான் வைக்கவில்லை. தேதி சமமாக இருக்கும்போது யார் முன்னே, யார் பின்னே என்று நான் சொல்லவில்லை. சொல்லாததை அது தன் வசதிக்குச் செய்துகொள்ளும். எதிர்ப்படும் வரிசையில் இருபது பேரை எடுத்து வைத்துக்கொண்டு மற்றவர்களை விட்டுவிடும். அதன் மேல் தப்பில்லை. கேட்டதைச் சரியாகத்தான் கொடுத்தது.

எதிர்ப்படும் வரிசை ஏன் மாறியது? அதுவும் என் கெட்டிக்காரத்தனம். ஒரு பெண்ணின் விவரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ண ஒரு கட்டம் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, அழகுக்கு வைத்தது. விவரத்தைத் திறந்தால் அந்த எண்ணிக்கை ஒன்று கூடும். நாங்கள் வைத்திருந்த டேட்டாபேஸ், ஒரு வரியைத் திருத்தினால் பழைய இடத்திலேயே திருத்தாது. புதிய பிரதி ஒன்றை வேறு இடத்தில், பெரும்பாலும் கடைசியில், எழுதி வைக்கும். ஆகவே டீச்சர் யாரை வாசித்தாரோ அவள் வரிசையின் வாலுக்குப் போனாள். என் லேப்டாப் நகலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான்கு தடவையும் ஒரே இருபது வந்த ரகசியம் அதுதான்.

கடைசியில் இருந்த அக்கா, முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பார்க்கப்பட்டுப் பின்னே போகப் போக, மெல்ல மேலே ஏறி அந்த இருபதுக்குள் வந்திருக்கிறாள். மார்த்தாண்டத்துப் பெரியவர் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னதும் மறுபடி கீழே போய்விட்டாள்.

டீச்சருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நான் வாசிச்ச பிள்ளையள எல்லாம் நான்தான் கீழ தள்ளினேனா?" என்றார்.

"நீங்க இல்ல டீச்சர். நான்."

அங்கேயே நின்று மார்த்தாண்டத்துக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார். பெரியவரின் குரல் சங்கடப்பட்டது. வேறு இடத்தில் போன வாரம்தான் பேசி முடித்தார்களாம். "மகனுக்கு இந்தப் பிள்ளையத்தான் பிடிச்சிருந்து. முடிஞ்சுதுன்னு கேட்டப்பெறவு மேக்கொண்டு கேக்கது மரியாத இல்லல்லா டீச்சர்" என்றார். வாக்குக் கொடுத்தவரிடம் என்ன பேசுவது? டீச்சர் போனை வைத்ததும் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

திருத்துவது ஒரு நிமிஷ வேலை. தேதிக்குப் பின்னால் பதிவு எண்ணையும் சேர்த்துவிட்டால் போதும். எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே இருபது வரும். எழுதினேன். ஓட்டினேன். ஒன்று முதல் இருபது வரை கல்லில் வெட்டினாற்போல வந்தது. அடுத்த பதிவு நாள் வரும்வரை, மேலே யாருக்காவது முடிந்தால்தான் கீழே இருப்பவர்கள் நகர முடியும். முப்பத்துநான்காவது ஆள் பலகைக்கு வரவே மாட்டாள். எண்ணைத் தலைகீழாக அடுக்கினால் அக்கா முதல் ஆள். அப்போது வேறு யாருடைய அக்காவோ வெளியே. எப்படி அடுக்கினாலும் பதினான்கு வீட்டை வெளியே நிறுத்துவது நான்தான். இத்தனை நாள் அதைத் தற்செயலிடம் விட்டுவிட்டுச் சட்டைக் காலரைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

கடைசியில், இருபதாவது வரியோடு சமமாக இருப்பவர்கள் எல்லோரையும் சேர்த்துக் கொடு என்று மாற்றினேன். எல்லோரும் வந்தார்கள். இரண்டு தாள் ஆயிற்று. பார்வை எண்ணிக்கையைப் பிடுங்கி எறிந்தேன். "ரெண்டாவது தாள எவரு வாசிப்பா?" என்று டீச்சர் முனகினார்; ஆனாலும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் குத்தச் சம்மதித்தார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவிய என்னெப் பாத்ததுனாலத்தான் நான் லிஸ்டுல இல்லாம போனேன்?"

"ஆமா."

"நீ எங்க ஆஸ்பத்திரில வேல பாக்காதது நல்லதுலே" என்றாள். பிறகு, "எனக்க எண்ண எடுத்துரு" என்றாள்.

இப்போது எல்லோர் எண்ணும் வரும், இனி எவர் பார்த்தாலும் மாறாது என்றேன். கெஞ்சினேன். "கடைசின்னு சொன்னேன்லா" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள், எடுத்தாயா என்று கேட்டாள். எடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பத்து மணி தாண்டியதும் டீச்சர் கூப்பிட்டார். இரண்டு தாளையும் மூன்று தடவை அடித்துப் பார்த்தாராம். மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்ததாம்.

"இப்ப லிஸ்டு நல்லா சரியாயிட்டு மக்கா. அக்காவுக்க எண்ண ரெண்டு தாளுலயும் காணல. அவளுக்கு முடிஞ்சுது, இல்லியா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார்.