கைமாத்துக்குப் போன கண் மருந்து

விழுப்புரத்தில் அரங்கநாதனின் மொத்த மருந்துக்கடை லைசென்சில் பொறுப்பு மருந்தாளர் என்று பாஞ்சாலியின் பெயர் இருக்கிறது. டி.பார்ம் படித்த கையோடு சேர்ந்தவள். வளவனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, நாள் முழுக்க ரேக்குகளுக்கு நடுவில் நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருண்டுபோய்விட்டது. முதலாளி தங்கமான மனுஷர்தான். ஆனால் மருந்தில் வில்லங்கம் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் முதலில் கேட்பது அவரை இல்லை, இவளைத்தான்.

அன்று காலை அவள் கைப்பையைக்கூட மாட்டவில்லை, மருந்துக் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருந்தது. கண்ணில் விடும் ஒரு சொட்டு மருந்தில் குறிப்பிட்ட ஒரு பேட்ச் சோதனையில் தேறவில்லை. மருந்துக்குள் கிருமி இருக்கிறது. உடனே விற்பனையை நிறுத்துங்கள், கடைகளிலிருந்து திருப்பி வாங்குங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அதை எழுதிவிடுவது சுலபம் என்று நினைத்துக்கொண்டே கம்ப்யூட்டரில் பேட்ச் நம்பரைத் தட்டினாள். எந்த பில்லில் எந்தக் கடைக்கு எத்தனை போனது என்று திரையில் வந்து நின்றது. ரேக்கில் மிச்சமிருந்ததை எடுத்துத் தனிப்பெட்டியில் போட்டு, 'விற்கக்கூடாது' என்று எழுதி ஒட்டிப் பூட்டினாள். பிறகு போனை எடுத்தாள்.

பெரும்பாலான கடைக்காரர்கள் முனகினாலும் ஒழுங்காகவே சொன்னார்கள். இத்தனை விற்றது, இத்தனை இருக்கிறது, வாங்கியவர்களைக் கூப்பிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். திண்டிவனத்து ஜெகதீசனின் கணக்கு மட்டும் உதைத்தது. அவர் விற்றதையும் கையில் இருப்பதையும் கூட்டினால் வாங்கியதில் பாதிகூட வரவில்லை.

"மிச்சம் எங்கண்ணே?"

"இருக்கும்மா, பார்த்துச் சொல்றேன்."

"இது தலைவலி மாத்திரை இல்லண்ணே. ஆபரேஷன் பண்ண கண்ணுக்கு ஊத்தறது. இப்பவே சொல்லுங்க."

ஜெகதீசன் குரலைத் தாழ்த்தினார். "மயிலத்துல கடை வச்சிருக்கற நம்ம பூவரசன் கேட்டான்மா. அவங்கிட்ட ஸ்டாக் தீந்துபோச்சின்னான். கைமாத்தா குடுத்தேன். பில்லெல்லாம் போடல."

பாஞ்சாலிக்குக் கோபம்கூட வரவில்லை. எல்லாக் கடையிலும் நடப்பதுதான். பக்கத்துக் கடைக்காரன் கேட்டால் எடுத்துக் கொடுப்பதும், அடுத்த வாரம் திருப்பி வாங்கிக்கொள்வதும். பில் இல்லாமல் ஒரு பெட்டி கைமாறினால் கம்ப்யூட்டருக்கு அந்தப் பெட்டியே இல்லை. பூவரசனோ போனை எடுக்கவில்லை. டெலிவரி ஆள் லீவு. முதலாளியிடம் சொல்லிவிட்டு, நல்ல பேட்ச் மருந்தில் சிலதைப் பையில் போட்டுக்கொண்டு அவளே கிளம்பினாள்.

விக்கிரவாண்டி டோலில் பஸ் நகரவே இல்லை. கூட்டேரிப்பட்டில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து மயிலம் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் நின்றது. கடையில் கூட்டம். பூவரசன் தனி ஆளாக ஓடி ஓடி மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். போன் கல்லாப்பெட்டி மேலே சைலன்டில் கிடந்தது.

விஷயத்தைக் கேட்டதும் ரேக்கில் தேடி எடுத்து வைத்தான். அந்த பேட்ச் நாலே நாலுதான் இருந்தது.

"மத்ததுக்கு பில்லு போட்டியே, பேட்ச் என்னான்னு போட்ட?"

பூவரசன் தலையைச் சொறிந்தான். "சாஃப்ட்வேர்ல பேட்ச் இல்லாம பில்லு வராதுக்கா. கைமாத்து சரக்குக்கு நான் எதப் போடறது? இருந்த பழைய பேட்ச் மேலயே போட்டு ஓட்டிக்கினு இருந்தேன்."

ஆக, இவன் பில்லில் இருக்கும் நம்பரை நம்ப முடியாது. கெட்ட பேட்ச் யாரிடம் போனது, நல்லது யாரிடம் போனது என்று பிரிக்க வழியில்லை. ஜெகதீசன் கொடுத்த நாளிலிருந்து இந்த மருந்தை வாங்கிய அத்தனை பேரையும் பிடித்தாக வேண்டும். பாஞ்சாலி ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கால் எவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்தது.

டாக்டர் சீட்டு மருந்து என்பதால் பில்லில் பெயராவது இருந்தது. சிலருக்கு போன் நம்பரும் இருந்தது, மற்றவர்களுடையதை பூவரசன் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கினான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அந்தச் சொட்டு மருந்தை விடாதீங்க, கடைக்கு எடுத்தாங்க, மாத்தித் தர்றோம்" என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டிக்கொண்டது. ஒருவர் மட்டும் எடுக்கவில்லை. வெங்கடாசலம், பக்கத்துக் கிராமம். அவரைப் பூவரசனுக்குத் தெரியும். புதுச்சேரியில் கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வந்தவர்.

கடையை இழுத்து மூடிவிட்டு வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு போனான் பூவரசன். வாசலெல்லாம் வேர்க்கடலை காய்ந்தது, அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். மருமகள் வீரம்மாள் முறத்தோடு எழுந்து வந்தாள். பெரியவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அந்தக் கண் மருந்தைக் குடுங்க. அது சரியில்ல. வேற கொண்டாந்திருக்கேன்."

"பாதி கூட ஆவல, அத ஏன் குடுக்கணும்?" என்றார் அவர். "வேளை தப்பாம ஊத்தணும்னு டாக்டரு சொல்லிக்கிறாரு."

வீரம்மாள்தான் எடுத்து வந்தாள். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு லேபிளில் எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. அட்டைப்பெட்டியை வாங்கிய அன்றே குப்பையில் போட்டுவிட்டார்களாம். பூவரசன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது நல்ல பேட்சா கூட இருக்கலாம்க்கா."

"நம்பர் தெரியலன்னா அதுவும் கெட்டதுதான்ப்பா" என்று வாங்கிப் பைக்குள் போட்டாள் பாஞ்சாலி. பிறகு பெரியவரைப் பார்த்து, "கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுங்கய்யா" என்றாள்.

கண் கோவைப்பழமாகச் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. வீரம்மாள் பதறிவிட்டாள். "மாமா, காத்தாலகூட ஒண்ணுமில்லன்னியே!"

"நேத்துலேர்ந்து வலிதான்" என்றார் வெங்கடாசலம் மெதுவாக. "சொன்னா மறுபடியும் ஆஸ்பத்திரின்னு தூக்கிக்கினு போவீங்க. மல்லாட்டைய யாரு பார்க்கறது?"

கொண்டு வந்த புது மருந்தை பாஞ்சாலி பையிலிருந்து எடுக்கவே இல்லை. "இப்ப எந்த மருந்தும் ஊத்தக் கூடாது. இன்னிக்கே போகணும். ஜல்தியா கிளம்புங்க" என்றாள். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மருந்தின் பெயர், பேட்ச் விவகாரம், கண் இருக்கும் நிலை எல்லாவற்றையும் சொன்னாள். உடனே அழைத்துவரச் சொன்னார்கள். மருந்தையும் தனியாகக் கட்டிக் கொடுத்தனுப்பச் சொன்னார்கள், சோதிக்க வேண்டுமாம். பெரியவரையும் வீரம்மாளையும் மருந்துப் பொட்டலத்தோடு ஏற்றிக்கொண்டு ஆட்டோ புழுதி கிளப்பிப் போனதும் பூவரசன் வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அவனைத் திட்ட வேண்டும் என்று பாஞ்சாலிக்குத் தோன்றியது. அதற்கும் தெம்பில்லை.

"அக்கா, என் மேல தப்புதான்."

"இனிமே ஒத்தை மாத்திரைன்னாலும் பில்லு வாங்கு. என்னை பஸ் ஸ்டாப்புல விட்ரு."

ஆஸ்பத்திரியில் வெங்கடாசலத்துக்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். சில நாள் அங்கேயே தங்க வைத்தார்கள். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் கண்ணே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக வீரம்மாள் போனில் சொன்னாள். கண் தப்பியது. ஆனால் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று தெரிந்த தெளிச்சல் திரும்பவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். பில் இல்லாமல் மருந்து கொடுத்ததற்கு ஜெகதீசனுக்கும், பேட்சை மாற்றி பில் போட்டதற்குப் பூவரசனுக்கும் நோட்டீஸ் போனது. கம்பெனிக்கு பாஞ்சாலி கணக்கு அனுப்பினாள்: வந்தது, போனது, திரும்பியது. மூன்றும் ஒட்டவில்லை. இரண்டு பாட்டில்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. யாரோ தீர்த்துவிட்டு எறிந்திருக்கலாம், எங்கோ ஒரு அலமாரியில் இருக்கலாம். 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த இரண்டு பாட்டில்களும் பஸ்ஸில், சோறு வடிக்கும்போது, படுத்த பிறகு என்று நினைத்த நேரத்தில் வந்து நின்றன.

கடைக்காரர்கள் கொஞ்ச காலம் பயந்து பில் போட்டார்கள். அப்புறம் ஒரு நாள் வளவனூர்க் கடையிலிருந்து போன்: "அக்கா, பக்கத்துக் கடையில ஒரு டப்பா வாங்கிக்கட்டுமா? நாளைக்கே திருப்பிக் குடுத்துர்றேன்."

"பேட்ச் நம்பர் போட்டு பில்லோட வாங்கு" என்றாள் பாஞ்சாலி.

"ஒரு டப்பாதான்க்கா, எதுக்கு இவ்ளோ பேஜாரு?"

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஒரு காலை மாற்றி நின்றுகொண்டு, மயிலத்துக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.