பின் பெட்டியில் போன இரண்டு நாள்

கோலார் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில், பெங்களூர்ப் பக்கம் போகிற காலை ரயில் ஏறுகிறவர்களுக்கு அவரவர் பெட்டி உண்டு. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் மாறி ஏறினால் நான்கு பேர் கேட்பார்கள். என்னுடையது முன்னாலிருந்து மூன்றாவது. எனக்கு முந்தைய ஸ்டேஷனான உரிகத்தில் ஏறுகிற, நந்திதுர்க் சுரங்கப் பக்கத்துப் பையன் ஒருவன், ஜன்னலோரத்தில் டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். பையன் என்கிறேன், முப்பத்திரண்டு வயது, ஒரு பெண் குழந்தைக்கு அப்பா. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாகங்களை அளந்து சரிபார்க்கிற வேலை, மாற்றி மாற்றி ஷிப்ட், காலை ஷிப்ட் வாரங்களில் என்னோடு வருவான்.

நான் அதே பக்கம் இன்னொரு தொழிற்சாலையில் ஹெச்.ஆர். எங்களிடம் பகல் ஷிப்ட் வேலை ஒன்று காலியானபோது அவனிடம் சொன்னேன். இன்டர்வியூ எடுத்தவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்கு அவனைப் பிடித்துவிட்டது. அவன் வருடத்துக்கு ஆறு லட்சம் கேட்டான். பட்ஜெட் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். மேலிடத்தில் ஒப்புக்கொண்டது ஐந்து லட்சத்து நாற்பதாயிரம்.

ஆஃபர் லெட்டரை அனுப்பியது நான். வெள்ளிக்கிழமை, வீடு திரும்பும் ரயிலில், மடியில் லேப்டாப்போடு. போன வாரம் ஒரு சீனியருக்கு அனுப்பிய லெட்டரைத் திறந்து, பெயரை மாற்றினேன், பதவியை மாற்றினேன், சேரும் தேதியை மாற்றினேன். சம்பளத்தை மாற்றவில்லை. முதல் பக்கத்திலும் பின்னால் இருந்த விவரப் பட்டியலிலும் ஆறு லட்சத்து அறுபதாயிரம் என்றே இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தியதால், அளப்பதே தொழிலாக வைத்திருக்கிறவனுக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. சனிக்கிழமையே சம்மதம் அனுப்பிவிட்டான். "கேட்டதுக்கு மேலயே குடுத்திட்டீங்கக்கா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வேறு. அதைக் கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அடக்கமாகச் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

திங்கட்கிழமை மதியம் சம்பளப் பிரிவுப் பெண் வந்து, "மேடம், அப்ரூவல்ல வேற தொகை இருக்கே" என்றாள். அப்ரூவலையும் லெட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "நான் பாத்துக்கறேன்" என்றேன். பதினாறு வருட அனுபவசாலி பேசுகிற குரலில்தான் சொன்னேன்.

அந்த நிமிடமே அவனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வேலையை விடாதே, லெட்டரில் தவறு இருக்கிறது, முழு விவரம் பிறகு சொல்கிறேன் என்று ஒரே ஒரு வரி. இதைத்தான் புதிதாகச் சேர்கிற ஹெச்.ஆர். பிள்ளைகளுக்கு நான் பாடமே எடுக்கிறேன். நான் செய்தது என்ன தெரியுமா? செவ்வாயும் புதனும் பின் பெட்டியில் ஏறினேன். பிளாட்பாரத்தில் தலையைக் குனிந்துகொண்டு, மூன்றாவது பெட்டி என்னைக் கடந்து போகட்டும் என்று நடந்தேன். பின் பெட்டியில் இருந்த ஒரு அம்மா, "இன்னா, இந்தப் பக்கம்?" என்றார். அங்கே கூட்டம் என்றேன்.

பின் பெட்டியில் உட்கார்ந்து ஒரு மெயிலும் எழுதினேன். 'திருத்தப்பட்ட லெட்டர் இணைக்கப்பட்டுள்ளது, கையெழுத்திட்டு அனுப்பவும்.' எது திருத்தப்பட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. சிஸ்டத்தில் ஏதோ கோளாறு என்று ஒரு வரி சேர்த்தேன், நீக்கினேன், மறுபடி சேர்த்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நல்லவேளை, அனுப்பவில்லை. புதன் மதியம் என் மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. "ரிசைன் பண்ணிட்டானா?" என்றுதான் முதலில் கேட்டார். தெரியாது என்றேன். அப்போதுதான் அவர் முகம் மாறியது. சாயங்காலத்துக்குள் நிதிப் பிரிவில் பேசி முடித்தார். ஆறு அறுபது முடியாது, அதே வேலை பார்க்கிற மற்றவர்களுக்கு அது அநியாயம். ஐந்து எழுபது வரை ஏற்றலாம், சேரும்போது ஒரு தடவை மட்டும் நாற்பதாயிரம் தரலாம். அவன் யோசிக்கிற வரை இடத்தை வைத்திருக்கலாம், வேண்டாம் என்றால் வருத்தமில்லை. "மொதல்ல வாயால சொல்லுங்க, அப்புறம் லெட்டர்" என்றார். அன்று மாலை போன் செய்தேன். ஓவர்டைமில் இருந்தான், எடுக்கவில்லை. உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வியாழன் காலை மூன்றாவது பெட்டியில் ஏறினேன். ஜன்னலோரத்தில் டிபன் பை இருந்தது. அவன் அதை எடுத்துவிட்டு, பேப்பரில் மடித்த ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான்.

"செவ்வாக்கெழம எல்லாருக்கும் குடுத்தேன்க்கா. உங்களுக்கு எடுத்து வச்சேன்."

இரண்டு பேடா. ஓரம் காய்ந்திருந்தது.

"ரிசைன் பேப்பர் போட்டுட்டியா தம்பி?"

"செவ்வாக்கெழம சாயந்தரமே போட்டுட்டேன். லெட்டர் கையில இருக்குதே, இன்னா பயம்?"

சுற்றிலும் அவன் கொடுத்த பேடாவைத் தின்ற ஏழெட்டுப் பேர். பங்காருபேட்டையில் இறங்கி அடுத்த வண்டியில் போகலாம் என்றேன். ஏன் என்று கேட்காமல் இறங்கினான்.

பிளாட்பாரக் கடைசி பெஞ்சில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். லெட்டரில் இருப்பது இன்னொருவர் சம்பளம், மாற்ற மறந்தது நான், சிஸ்டமில்லை. சரியான தொகை, இப்போது ஏற்றியது, நாற்பதாயிரம், எல்லாம். அவன் வாங்கியதைத் திருப்பித் தருகிறவன் போல, முழங்கால் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தான்.

"எப்பக்கா தெரிஞ்சிது?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். மேனேஜரிடம் சொன்னது நேற்றுதானே. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"திங்கக்கெழம. மத்தியானம் மூணு மணிக்கு."

அவன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். திங்கள் சொல்லியிருந்தால் செவ்வாய் பேப்பர் போட்டிருக்க மாட்டான்.

"எழுதிக் குடுப்பீங்களா?"

"இன்னிக்கே. பழைய லெட்டர்ல எது தப்பு, யார் தப்புன்னு மேலயே எழுதித் தரோம். பத்து நாள் எடுத்துக்கோ, வீட்ல காட்டு. இன்னிக்கே உங்க மேனேஜரப் பாத்து ரிசைன வாபஸ் வாங்க முடியுமான்னு கேளு. முடிஞ்சா, அதுக்கப்பறம் எங்களுக்கு வேணாம்னு சொன்னாலும் நான் கோச்சிக்க மாட்டேன்."

"நீங்க கோச்சிக்கிறதா?" என்றான். அடுத்த வண்டியில் என் பக்கத்தில் உட்காரவில்லை, கதவருகே நின்றுகொண்டு வந்தான்.

அவன் கம்பெனி ராஜினாமாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. இனி வரமாட்டான் என்றே நினைத்தேன். ஒன்பதாவது நாள் புது லெட்டரில் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். பகல் ஷிப்ட் என்பதால் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சேர்கிற அன்று என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தான். காகிதங்களை நீட்டினேன். மற்றவர்கள் கையெழுத்துக்கு இடம் எங்கே என்றுதான் தேடுவார்கள். இவன் போனில் கால்குலேட்டரைத் திறந்தான். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, மாதத் தொகையைக் கூட்டி, பன்னிரண்டால் பெருக்கி, முதல் பக்கத்தோடு ஒப்பிட்டான். பிறகு மறுபடியும் முதலிலிருந்து. பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்தார்கள். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"தப்பா நெனச்சிக்காதீங்கக்கா."

"பாரு தம்பி. நல்லா பாரு."

கையெழுத்துப் போட்டு முடித்து, பேனாவை மூடினான். போகும்முன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"செவ்வாக்கெழமயும் பொதங்கெழமயும் நீங்க தலகுனிஞ்சிக்கினு பின்னாடி போனத ஜன்னல்லேந்து பாத்துக்கினுதான் இருந்தேன். அன்னிக்கு பெஞ்சில நேத்துதான் தெரியும்னு சொல்லியிருந்தீங்கன்னா, நான் இங்க வந்திருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, மெஷின்கள் ஓடுகிற ஷாப் ஃப்ளோருக்குப் போய்விட்டான். இந்த இரண்டு வருடமும் என் இடத்தில் அவன் டிபன் பைதான் இருக்கிறது. தினமும் அதை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு உட்காருகிறேன். மாதக் கடைசியில் அவன் போனை எடுத்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்து, சம்பளச் சீட்டைக் கூட்டிப் பார்க்கிறான். அவன் கூட்டி முடிக்கிற வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருகிறேன்.