பாப்பாவின் மருந்தும் என் ஃபோனும்

காலை ரயிலின் ஜன்னல் கம்பியில் இரவுப் பனி ஈரமாக ஒட்டியிருக்கும். விழுப்புரத்தில் ஏறினால் எனக்கு எப்போதும் ஜன்னல் ஓரம்தான். வேடிக்கை பார்க்க இல்லை... அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

ஏழு வருஷம் முன்பு திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை. "நாளைக்கு வெறும் வயித்துல வாங்க", "பழைய ரிப்போர்ட்ட மறக்காம எடுத்துக்கினு வாங்க" என்று ஊர்க்காரர்களுக்கெல்லாம் ஃபோனில் ஞாபகப்படுத்துவேன். அதற்கு எனக்குச் சம்பளம் உண்டு.

வீட்டுக்கு ஞாபகப்படுத்தும் வேலை ரயிலிலேயே முடிந்துவிடும்.

முண்டியம்பாக்கம் வந்தால், "பாப்பாவ எழுப்பினீங்களா?"
விக்கிரவாண்டியில், "மருந்து கொடுத்தீங்களா?"
பேரணி ஸ்டேஷன் தாண்டும்போது, "தண்ணி பாட்டில் ஃபிரிட்ஜ் மேல இருக்குது பாருங்க."
மயிலத்தில், "இன்னைக்கு கலர் டிரெஸ். யூனிஃபார்ம் போட்டுடாதீங்க."

எதிர்முனையில் என் வீட்டுக்காரர் பொறுமையாக "ம்... ம்..." என்பார். சொன்னதைச் செய்துவிடுவார், பொய் சொல்லக் கூடாது. பக்கத்து சீட் அக்காகூடக் கேட்பார், "சொன்னா செய்யிற மனுஷன் கிடைச்சிருக்காரு, உனக்கு இன்னா கொற?"

என்ன குறை என்று எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை. சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். உள்ளே மட்டும் எரியும்.

அந்த மருந்து என்பது சாதாரண இருமல் மருந்து இல்லை. பாப்பாவுக்கு ஃபிட்ஸ் இருந்தது. இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை, ஒன்றுகூட விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ராத்திரி வேளை நான். காலை வேளை, நான் கிளம்பிய பிறகு அவள் எழுந்திருப்பதால், அவர்.

கொடுப்பதுதான் அவர். பாட்டில் எத்தனை நாளைக்கு வரும், எப்போது போய் அடுத்தது வாங்க வேண்டும், எடை ஏறினால் அளவை மாற்ற டாக்டரிடம் என்றைக்குக் காட்ட வேண்டும்... இதெல்லாம் என் தலையில் ஓடும். தூங்கும்போதும் ஓடும்.

ஒரு நாள் சாயங்காலம் ரயிலில் ஏறும்போது ஃபோன் கீழே விழுந்து உடைந்தது. ரிப்பேருக்குக் கொடுத்தேன், இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அன்றைக்கே வீட்டில் சொன்னேன்.

"ரெண்டு நாளு ஃபோன் வராதுங்க. மருந்த மறந்துடாதீங்க."

"சரி, சரி. நான் இன்னா சின்னப் புள்ளையா?"

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு சென்டர் லேண்ட்லைன் அடித்தது. எடுத்தால் அவர்.

"பாப்பாவுக்கு ஸ்கூல் பிரேயர்ல ஃபிட்ஸ் வந்துடுச்சி. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு வந்துட்டேன்... நீ ஜல்தியா வா."

பஸ்ஸில் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று நினைவில்லை. பாப்பா நெற்றியில் அடிபட்டு, கட்டுப் போட்டு, தூக்கத்தில் கிடந்தாள்.

டியூட்டி டாக்டர் அவரைப் பார்த்துத்தான் கேட்டார், "கடைசியா எப்ப மருந்து கொடுத்தீங்க? எத்தனை எம்.எல்.?"

அவர் என் பக்கம் திரும்பினார். "எத்தினி எம்.எல். அது?"

தினமும் அவர் கையால் கொடுக்கும் மருந்து! மூடியில் நான் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். கோடு வரைக்கும் ஊற்றுவார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

இரண்டு நாள் காலையும் கொடுக்கவில்லை. வராண்டாவில் வைத்துக் கேட்டேன்.

"நீ ஃபோன் பண்ணலியே..." என்றார். திட்டவில்லை, நிஜமாகவே அதுதான் காரணம் என்று நினைத்துச் சொன்னார். அதுதான் என்னைக் கொன்றது.

அவரோடு வந்திருந்த மாமியார் ஒரு படி மேலே போனார். "பக்கத்துல ஒக்காந்துக்கினு வர்றவங்க ஃபோன வாங்கியாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதாம்மா?"

என் குழந்தை கட்டிலில் கிடக்கிறாள், நான் குற்றவாளி. கொடுக்க மறந்தவர் பாவம். ஞாபகப்படுத்தாதவள் பாவி. எந்த ஊர் நியாயம் இது?

வீட்டுக்கு வந்ததும் பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். "ரெண்டு வேளையும் இனிமே நீங்க. வாங்குறது, டாக்டர்கிட்ட காட்டுறது எல்லாமே நீங்க. நான் ஒரு வார்த்த ஞாபகப்படுத்த மாட்டேன்."

தலையை ஆட்டினார். முதல் ஒரு மாதம் பாட்டிலைத் திருட்டுத்தனமாகத் தூக்கிப் பார்த்தேன். சரியாக இறங்கிக்கொண்டு இருந்தது. பிறகு பார்ப்பதையும் விட்டேன். இரண்டு வருஷம் ஒரு வேளைகூடத் தப்பவில்லை, ஃபிட்ஸும் வரவில்லை. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மருந்தையே நிறுத்திவிட்டார். 'மனுஷன் மாறிட்டாரு' என்று நான் சொல்லாத ஆள் இல்லை. ரயிலில் ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாப்பாவுக்கு இப்போது பதினாலு வயசு. "அப்பா, பிரஷர் மாத்திர" என்றாள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அவர் எழுந்து உள்ளே போனார்.

"உனக்கு எதுக்கு அந்த வேலை? உன் மருந்தையே ரெண்டு வருஷம் தவறாம கொடுத்தவரு அவரு" என்றேன்.

பாப்பா சிரித்தாள். "அப்பாவா? நான்தாம்மா ரெண்டு வேளையும் மூடியில ஊத்திக்கினு போய் அவர் முன்னாடி நிப்பேன். ராத்திரியில நீ சமையக்கட்டுல இருப்ப. பாட்டில் தீரப்போவுதுன்னும் நான்தான் சொல்லுவேன்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ அப்பாகிட்ட சிரிச்சிப் பேசிக்கினு இருந்த... சொன்னா மறுபடியும் மூஞ்ச தூக்கி வச்சிப்பியேன்னு."

ஏழு வயசில் எனக்கு இருந்த கவலையெல்லாம் ஆடிய பல் எப்போது விழும் என்பது மட்டும்தான். என் பெண்ணுக்கு, அந்த மருந்து வியாழக்கிழமை வரைக்கும் வருமா என்பது.