பொத்தானுக்குச் சொன்ன ஏகாதசி

மனைவியின் கைப்பேசி சமையலறை அலமாரிக்குள் அடித்தபோது மெக்கானிக், பால் பொங்கிவிடக் கூடாதே என்று பாத்திரத்தையே முறைத்துக்கொண்டு நின்றார். அவள் இறந்து இன்னும் இரண்டு வாரம் ஆகவில்லை. கைப்பேசிக்கு மட்டும் தினமும் சார்ஜ் போட்டு வந்தார்.

திரையில் 'பொத்தான்' என்று இருந்தது.

பொத்தான் யார் என்று அவருக்குத் தெரியும், பார்த்ததில்லை. சீருடை தைக்கிற தொழிற்சாலையில் மனைவி இஸ்திரி மேசையில் நின்ற காலத்தில், அடுத்த மேசையில் பொத்தான் தைத்தவள். பிறகு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். மாதத்தில் இரண்டே முறைதான் கூப்பிடுவாள். ஏகாதசி என்றைக்கு என்று கேட்பாள், மனைவி சொல்வாள், அதன் பிறகு அரை மணி நேரம் இரண்டு பேரும் சிரிப்பார்கள். சாவுச் செய்தி சொல்லவேண்டியவர்களின் பெயர்களை மகளும் அவருமாக யோசித்துச் சொன்னபோது, பொத்தான் அவர் நினைவுக்கே வரவில்லை.

எடுத்தார்.

"அக்கா, ஏகாதசி என்னிக்கு? சீக்கிரம் சொல்லுங்க, பஸ் வந்துடும்."

"நான்தான் பேசறேன்."

"அட, அத்தானா! அதிசயமா இருக்கே. அக்கா எங்க?"

வாயில் வந்தது வேறு. வெளியே விழுந்தது வேறு. "குளிக்கிறா."

"சரி, கேட்டுச் சொல்லுங்க. அக்கா குளிக்கப் போனா ஆறு வத்தினாத்தான் வெளிய வருவாங்க."

குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. வாளி காய்ந்திருந்தது. மெக்கானிக் அதைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டார். கடைசி ஏகாதசி அவருக்கு மறக்காது. ஆஸ்பத்திரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நர்ஸ் கஞ்சி கொண்டுவந்தாள். இவள் தலையை ஆட்டினாள். "இன்னிக்கு ஏகாதசி, நாளைக்குத் தரச் சொல்லுங்க" என்று அவரிடம் சொன்னாள். நர்ஸ் அவரைத்தான் திட்டினாள். செவ்வாய்க்கிழமை மனைவி போய்விட்டாள்.

ஞாயிறு, அதிலிருந்து பதினைந்து நாள். "திங்கக்கிழமையாம்" என்றார்.

"மறுநாள் எப்ப சாப்பிடலாமாம்?"

"விடிஞ்சதும்."

"அக்காகிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்று அவள் வைத்துவிட்டாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

அவர் குளிர்க்கிடங்கில் இயந்திரம் பார்க்கிறவர். எந்தக் கம்ப்ரஸருக்கு எப்போது எண்ணெய் மாற்ற வேண்டும், எந்தக் குழாயில் எப்போது பனி கட்டும் என்று கையால் தொட்டே சொல்வார். எல்லாவற்றுக்கும் ஒரு தவணை உண்டு என்பது அவருடைய வேதம். மனைவியின் பட்டினியையும் அப்படித்தான் நினைத்திருந்தார்: பதினைந்து நாளைக்கு ஒரு சர்வீஸ். அவள் அன்றைக்குத் தண்ணீரும் கொஞ்சம் பாலும் தவிர எதையும் தொடாமல், எட்டு மணி நேரம் ஆவி அடிக்கிற மேசையில் நின்றுவிட்டு வருவாள். வந்து அவருக்குத் தட்டு வைப்பாள். "நீயும்தான் ஒரு வாய் சாப்பிடேன்" என்பார். "நம்ம வீட்டுல ஒரு வயிறாவது லீவு எடுக்கட்டும்" என்பாள்.

இப்போது அந்தத் தட்டை அவரே வைத்துக்கொண்டார். உட்கார்ந்ததும் எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்து, 'பொத்தான் கேட்டாள்' என்று சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்த உலகத்தில் ஒருத்தி மட்டும், அவர் மனைவி இன்னும் குளித்துக்கொண்டிருப்பதாக நம்புகிறாள். அடுத்த ஏகாதசியைச் சரியாகச் சொல்லிவிட்டால், இன்னும் இரண்டு வாரம் அப்படியே நம்புவாள்.

ராத்திரி மகள் வழக்கம்போலக் கூப்பிட்டாள். எஞ்சினியர், வேறு நாட்டில் வேலை. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று இரண்டு கேள்வி, பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம். இந்த முறை அவர் கேட்டார்.

"ஏகாதசி பதினஞ்சு நாளைக்கு ஒருதரம்தானே?"

"ஏம்பா?"

"சும்மா."

"பதினஞ்சுன்னு கட்டாயம் இல்லப்பா. பதினாலும் வரும். அமாவாசை அன்னிக்குச் சூரியனும் நிலாவும் ஒரே பக்கம் நிக்கும். அப்புறம் நிலா விலகிப் போகும். பன்னெண்டு டிகிரி விலகினா ஒரு திதி. பதினோராவது திதி ஏகாதசி. பௌர்ணமிக்கு அப்புறம் தேயறப்பவும் அதே மாதிரி எண்ணினா இன்னொண்ணு. அதான் ரெண்டு."

"முள்ளு டயல்ல நகர்ற மாதிரி."

"ஆமா. ஆனா இந்த முள்ளு ஒரே வேகத்துல போகாது. ஒரு திதி இருபது மணி நேரத்துலயும் முடியும், இருபத்தாறும் ஆகும்."

"அப்ப நிலாவுக்கும் ஓவர்டைம் உண்டுங்கற."

மகள் சிரித்தாள். அம்மா போன பிறகு முதல் சிரிப்பு, பாதியிலேயே உடைந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, "திதி நடு ராத்திரிலகூட மாறும்பா. அதனால விடியறப்ப எந்தத் திதி இருக்கோ, அந்த நாள்தான் கணக்கு" என்றாள். அப்புறம், "நான் வேணா பாத்துச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், வேண்டாம். சும்மாதான் கேட்டேன்."

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், 'அந்த அம்மாவுக்கு இன்னும் சொல்லலையா?' என்பாள்.

இரண்டாவது அழைப்பு வருவதற்கு முன்பே மெக்கானிக் தயாராக இருந்தார். சமையலறைச் சுவரில் நாள்காட்டி தொங்கியது. மளிகைக் கடைக்காரர் வருடா வருடம் தருவது. அவர்கள் பிறந்த நாட்டில் அச்சாகிக் கப்பலில் வருவது. தாளைத் தூக்கிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமையில் சிவப்பு எழுத்தில் 'ஏகாதசி' என்று போட்டிருந்தது. போன திங்கட்கிழமையிலிருந்து எண்ணினால் பதினைந்தாவது நாளும் செவ்வாய்தான். இரண்டு சாட்சி ஒத்துப்போனால் மூன்றாவது எதற்கு?

"தூங்கறா" என்றார் இந்த முறை. "செவ்வாய்னு சொல்லச் சொன்னா."

"பகல்லயா? அக்காவா?" என்றாள் பொத்தான். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"வேலை அதிகம்."

"கால அமுக்கி விடுங்க அத்தான். இத்தன வருஷம் நின்ன கால்."

அவர் "சரி" என்றார். வெகுநேரம் கைப்பேசியைக் காதிலேயே வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அது மறுபடி அடித்தது. ஏகாதசிக்கு முன்னால் இல்லாமல் அன்றைக்கே அவள் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"அத்தான், அக்காகிட்ட குடுங்க."

"வெளிய போயிருக்கா."

"நேத்து எங்க தையல்ல ஒரு பொண்ணு பட்டினி கிடந்தா. ஏன்னு கேட்டதுக்கு, 'இன்னிக்குத்தான் ஏகாதசி'ன்னா. நான் அவ முன்னாடி உக்காந்து வயிறு முட்டச் சாப்பிட்டு, 'எங்க அக்கா சொன்னா நிலாவே கேக்கும், நீ போடி'ன்னு கிண்டல் பண்ணினேன். இப்பக் கோயிலுக்குப் போனா, நேத்தே முடிஞ்சு போச்சாம். எல்லாரும் சிரிக்கறாங்க."

"காலண்டர்ல செவ்வாய்னுதான் போட்டிருக்கு."

"காலண்டர அக்கா எப்பவும் நம்ப மாட்டாங்களே." அவள் குரல் தணிந்தது. "'இரு, மணியைத் திருப்பிட்டு வரேன்'னு சொல்லுவாங்க. நம்ம நாட்டுல விடிஞ்சு அஞ்சு மணி நேரம் கழிச்சுத்தான் இங்க விடியுது, அந்த விடியலும் இந்த விடியலும் ஒண்ணாடீன்னு என்னையத் திட்டுவாங்க. அக்கா ஒருநாளும் நாள் தப்பினதில்ல அத்தான்."

மெக்கானிக் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார்.

"குளிக்கறாங்க, தூங்கறாங்க, வெளிய போயிருக்காங்க. அக்காவுக்கு என்ன ஆச்சு?"

அடுப்பு அணைந்திருந்தது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று விட்டுவிட்டார்கள்.

"போயிட்டாம்மா" என்றார். "ஒரு மாசம் ஆகப் போகுது."

மறுமுனையில் தையல் இயந்திரம் நூல் அறுந்து ஓடுகிற மாதிரி ஒரு அழுகை. திட்டினாள். "எனக்குச் சொல்லணும்னு தோணலையா, நான் யாரோவா?" என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா" என்றார். அவள் வைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் வீடு முழுசாகக் காலியானது.

கைகால் ஓய்ந்து உட்காராமல், பழுது எங்கே என்று தேடுகிற பழக்கத்தில், அவர் நாள்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். சிவப்பு எழுத்தை விட்டுவிட்டு அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். கிழித்துப் போட்டிருந்த திங்கட்கிழமைத் தாளைக் குப்பையிலிருந்து எடுத்து நீவினார். 'தசமி காலை ஏழரை வரை, பின்பு ஏகாதசி.' அங்கே திங்கள் விடிந்தபோது இன்னும் தசமி. அதனால் அங்கே செவ்வாய். ஐந்து மணி நேரத்தைக் கழித்தார். இங்கே அது பின்னிரவு இரண்டரை. திங்கள் இங்கே விடியும்போது ஏகாதசி எப்போதோ பிறந்துவிட்டது. செவ்வாய் விடிவதற்குள் முடிந்தும் போயிருந்தது. நிலா ஒன்றுதான், திதியும் ஒன்றுதான். விடியல்தான் ஊருக்கு ஊர் வேறு. மகள் விடியறப்ப என்றாள். எங்கே விடியறப்ப என்று அவர் கேட்கவில்லை.

இதை மனைவி மாதம் இரண்டு தடவை, வாணலியைக் கிளறிக்கொண்டே மனசுக்குள் செய்திருக்கிறாள். அவர் இதே மேசையில் உட்கார்ந்து உப்பு கம்மி என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்ததையும் பார்த்தார். அங்கே திங்கள் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குப் பிறக்கிறது. இங்கே திங்கள் ராத்திரி ஒன்பது. செவ்வாய் விடியும்போது அங்கேயும் இங்கேயும் ஏகாதசிதான். ஒரே நாள். மூன்று தடவை சரிபார்த்தார்.

நாள்கள் போயின. கைப்பேசி அடிக்கவில்லை. சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்த்தார். இனி அவள் கூப்பிட மாட்டாள். யாரைக் கேட்பாள்? கோயிலில் கேட்டுக்கொள்வாள்.

அலமாரியிலிருந்து அதை எடுத்தார். 'பொத்தான்' மேல் விரலை வைத்துவிட்டு, எடுத்துவிட்டு, மறுபடி வைத்தார்.

ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்கக்கா" என்றாள், பழக்கத்தில்.

சொன்ன பிறகுதான் அவளுக்கும் தெரிந்தது. அவரும் அந்த வார்த்தையைத் திருத்தவில்லை.

"செவ்வாய்க்கிழமை" என்றார் மெக்கானிக். "மணியைத் திருப்பிப் பாத்துட்டேன். புதன் விடிஞ்சதும் சாப்பிடலாம். துவாதசித் திதியோட முதல் கால் பங்கு கழிஞ்ச பிறகுதான் சாப்பிடணும், அதுக்குள்ள அது கழிஞ்சுடும்."

"சரி" என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "சரிங்க அத்தான்."

செவ்வாய்க்கிழமை காலை அவர் பால் மட்டும் காய்ச்சினார். அது பொங்குவதற்கு முன்பே அடுப்பை அணைத்தார். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்காமலே குளிர்க்கிடங்குக்குப் போனார்.