ஊமை வண்டி வழிவிட்டது யாருக்கு

குளிர்கிடங்கில் அவளைப் பட்டியலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக இயந்திரங்களுக்கு விதி எழுதுவது அவள் பிழைப்பு. கதவு திறந்திருந்தால் ஓடாதே, எடை மிஞ்சினால் தூக்காதே, சூடு ஏறினால் மணி அடி. இப்படி வரிவரியாக லிஃப்டுக்கு எழுதினாள், பாட்டில் நிரப்பும் இயந்திரத்துக்கு எழுதினாள், கடைசியில் இந்தக் கிடங்கின் கதவுகளுக்கும் எழுதினாள். வீட்டிலும் பட்டியல்தான். காய்கறிக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, சண்டை போட்டால் யார் முதலில் பேச வேண்டும் என்பதற்குக்கூட ஒன்று இருந்தது. கணவர் அதை ஒருநாளும் மதித்ததில்லை. எப்போதும் அவரே முதலில் பேசிவிடுவார்.

இயந்திரம் தப்பு செய்தால் எந்த வரியில் செய்தது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் அது வேலையே இல்லை என்பது அவள் கட்சி. அதற்கு எதிர்க்கட்சியாக வந்து சேர்ந்தவர் மாடல்காரர். பெட்டிகளைச் சுமந்துகொண்டு தானாக ஓடும் வண்டிகளை நிறுவனம் வாங்கியபோது, அவற்றுக்கு நியூரல் நெட்வொர்க், அதாவது படம் பார்த்துத் தானே கற்கும் மாடல், பொருத்த வந்த பொறியாளர். முப்பது வயசுதான், ஆனால் பேச்சில் எட்டூர் பஞ்சாயத்து தீர்த்தவர் மாதிரி இருப்பார்.

"இதுக்கு எதுக்குத் தம்பி அந்தப் பெரிய மூளை? தரையில கோடு இருக்கு. முன்னாடி லேசர் இருக்கு. ஒன்றரை மீட்டருக்குள்ள எது வந்தாலும் பிரேக் போடுன்னு நான் எழுதிட்டேன். போதாதா?" என்று முதல் நாளே கேட்டாள்.

"நிக்கும்க்கா. ஆனா சடக்குன்னு நிக்கும். மேல அடுக்கின பெட்டியெல்லாம் சரியும். எட்டு மீட்டருக்கு முன்னாடியே ஆள் வரப்போறாங்கன்னு தெரிஞ்சா மெதுவா வந்து நிக்கலாம். அதுக்குத்தான் கேமரா, அதுக்குத்தான் நெட்வொர்க்."

"ஆள் வர்றதையும் விதியா எழுதலாமே."

"எழுதுங்க. கேமராவுல தெரியுற எது ஆளு, எது ஆளு இல்லை? ஒரே ஒரு விதி சொல்லுங்க."

உயரம் என்றாள். குனிந்து வந்தால் என்று கேட்டார். இரண்டு கால் என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் கால் தெரியாதே என்றார். சட்டையின் நிறம் என்றாள். அவர் சிரித்துவிட்டார். பட்டியலக்காவுக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. விதியாகச் சொல்ல முடியாததை ஆயிரம் படம் காட்டிப் பழக்குவதற்காகத்தான் நெட்வொர்க் என்று அவர் சொன்னது சரிதான், அதை மறுக்க அவளிடம் வரி இல்லை. மேனேஜரும் மாடல்காரர் பக்கம் சாய்ந்தார். லேசர் விதி மட்டும் அடியில் கிடக்கட்டும், கெடுதல் இல்லை என்று விட்டுவைத்தார்கள்.

பழக்குவதற்குப் படம் வேண்டும். படத்துக்கு நடக்க ஆள் வேண்டும். வேலை நாளில் யாரையும் விட முடியாது என்று மேனேஜர் கையை விரித்தார். அப்போதுதான் அவள் கணவர் வந்து மாட்டினார். அதே கிடங்கில் சுமை ஏற்றிக்கொண்டிருந்தவர், வலது முழங்கால் தேய்ந்து பாரம் தூக்க முடியாமல் போனவர். காலை இழுத்து இழுத்து அவர் நடப்பதைப் பார்த்துச் சகாக்கள் வைத்த பெயர் ராஜநடை. அந்தப் பெயரில் அவருக்கே கொஞ்சம் பெருமை.

விடுமுறை நாட்களில் குளிர்மின்விசிறிகளை நிறுத்திப் பனியை உருக வைப்பார்கள். அந்த அமைதியில் படம் பிடித்தார்கள். மூன்றாம் குளிரறை வாசலில் பட்டை பட்டையாகத் தொங்கும் பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு ராஜநடை வெளியே வருவார், ஊமை வண்டி எதிரே வரும். ஊமை வண்டி என்பது தொழிலாளர்கள் வைத்த பெயர், சத்தமே போடாது என்பதால். ஆயிரத்து நூறு தடவை நடந்தார். "உன் எதிரிக்கு நான்தான் வாத்தியார்" என்று வீட்டுக்கு வந்து அவளைச் சீண்டுவார். அவள் அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி, சோற்றுக்கு நன்றி இல்லாத மனுஷன் என்று திட்டுவாள்.

வண்டிகள் ஓடத் தொடங்கி மூன்றாம் வாரம், பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் ராஜநடை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. பட்டியலக்கா பதினாறாம் நாளே வேலைக்குத் திரும்பினாள். யாராவது துக்கம் கேட்டால் தலையை ஆட்டுவாளே ஒழிய வாயைத் திறக்க மாட்டாள். அவர் போய்விட்டார் என்பதை அவள் வாயால் யாரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் பேச்சு கிளம்பியது. மூன்றாம் குளிரறை வாசலுக்கு வந்தால் ஊமை வண்டி நிற்கிறதாம். யாருமே இல்லாமல். மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு, யாரோ கடந்து போகிறவரைக்கும் காத்திருந்துவிட்டுப் பிறகு நகர்கிறதாம். சுமை ஏற்றுபவர்கள் அந்த வழியை விட்டுச் சுற்றிப் போனார்கள். ஒருவர் மட்டும் அந்த வாசலில் ஓரமாக ஒதுங்கி நின்று, பிறகு நடந்தார். ஏன் என்று கேட்டதற்கு, பெரியவருக்கு வழி விட்டேன் என்றாராம்.

கேட்டவுடன் பட்டியலக்காவுக்குக் கோபம்தான் வந்தது. வேலை வெட்டி இல்லாத வாய்கள் என்று சொல்லிக்கொண்டு, பட்டப்பகலில், பதினொரு மணிக்கு, தானே போய் நின்று பார்த்தாள்.

திரை லேசாக ஆடியது. தூரத்தில் வந்துகொண்டிருந்த வண்டி வேகத்தைக் குறைத்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. எட்டு மீட்டர், ஐந்து, மூன்று என்று தயங்கித் தயங்கி வந்து, மரியாதையாக நின்றது. திரைக்கு இந்தப் பக்கம் காலடி இல்லை, அந்தப் பக்கம் வெள்ளைப் பனிமூட்டம். கையில் இருந்த டேப்லெட்டில் வண்டியின் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆள் வருகிறார்: தொண்ணூற்றேழு சதவீதம். பட்டைகளின் ஆட்டம் அடங்கியபின் எண் சரிந்தது, வண்டி நகர்ந்தது. அவளுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. அது குளிரறைக் காற்று என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், நம்பவில்லை.

அந்த வாரக் கடைசியில் விபத்து நடந்தது. புதிதாகச் சேர்ந்த சுமைக்காரப் பெண் அதே வாசல் வழியாக விறுவிறுவென்று வெளியே வந்தாள். விசிறி அந்த நேரம் நின்றிருந்தது. பட்டைகளில் ஒன்று முன்பே கழன்று விழுந்திருந்ததால், அந்த இடைவெளியில் திரையைத் தொடாமலே நுழைந்தாள். வண்டி அவளுக்காக வேகத்தைக் குறைக்கவில்லை. ஒன்றரை மீட்டரில் லேசர் பிடித்துச் சடக்கென்று நிறுத்தியது. மேலிருந்த பெட்டிகள் சரிந்து அவள் பாதத்தில் விழுந்தன. இரண்டு எலும்பு முறிவு.

யாருமில்லாதபோது நிற்கிறது, ஆள் வந்தால் நிற்கவில்லை. மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். "எனக்குக் கதை வேண்டாம். இந்த வண்டிக்கு நெட்வொர்க் வேணுமா, வெறும் விதி போதுமா? சோதிச்சுப் பார்த்துட்டு மேடம் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடுங்க. அதுவரைக்கும் எந்த வண்டியும் ஓடாது" என்றார்.

பெட்டிகளை இறக்கிவிட்டு வண்டியை மட்டும் ஓடவிட்டார்கள். அடியில் லேசர் விதி இருந்ததால் அவளுக்குப் பயமில்லை. வாசலில் இருந்து வெளியே நடந்தாள். பட்டைகளைக் கட்டி வைத்திருந்தார்கள், திரை ஆட்டம் குறுக்கே வரக்கூடாது என்று. பத்துத் தடவை நடந்தாள். பத்துத் தடவையும் லேசர்தான் கடைசி நேரத்தில் நிறுத்தியது. மாடல்காரரும் நடந்தார், அவருக்கும் அப்படியே.

பட்டியலக்கா திரும்ப வாசலுக்குள் போனாள். பிறகு வலது காலை இழுத்துக்கொண்டு, தோளை ஒரு பக்கம் சாய்த்து, முப்பது வருடம் பக்கத்தில் நடந்து பார்த்த அந்த நடையை நடந்தாள்.

வண்டி எட்டு மீட்டருக்கு அப்பாலேயே மஞ்சள் விளக்கைப் போட்டது. பூனை மாதிரி மெதுவாக வந்தது. நின்றது. தொண்ணூற்றெட்டு.

மாடல்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, தப்பு என்னோடதுதான். எல்லாப் படத்துலயும் அவர் ஒருத்தர்தான். விசிறி நின்ன நேரத்துல எடுத்ததால, திரை ஆடினா அவர் வந்தாருன்னு மட்டும்தான் அது பார்த்திருக்கு. இப்ப விசிறிக் காத்துல ஆடினாலும் அவர்னுதான் நினைக்குது. ஆளுன்னா என்னன்னு கத்துக்கலை. அவரைக் கத்துக்கிட்டிருக்கு."

சோதனை முடிந்துவிட்டது. இருந்தும் அவள் திரும்பி உள்ளே போய், இன்னொரு தடவை அதே நடையில் வந்தாள். தேவையில்லாமல்தான். வண்டி அவளுக்காக, அவளுக்காக இல்லை அவருக்காக, மறுபடியும் காத்திருந்தது. ஊரில் எல்லோரும் அவரைக் கடந்து போய்விட்டார்கள், இது ஒன்றுதான் போகவில்லை என்று தோன்றியது. அதை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"அவரை மட்டும் அதுல இருந்து எடுத்துட முடியுமா? இல்லைன்னா வேற எங்கேயாவது தனியா வைக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"இந்த இடத்துல இருக்காருன்னு காட்ட முடியாதுக்கா. லட்சக்கணக்கான எண்ணு. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சமா இருக்கார்." பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "புதுசா இருபது பேரை நடக்க வச்சுப் பழக்கலாம். பழைய படத்தையும் சேர்த்தே. நெட்வொர்க் இருக்கும், அவரும் இருப்பார். நீங்க சரின்னா நான் மேனேஜர்கிட்ட பேசுறேன்."

ஆசை அவளை இழுத்தது உண்மை. ஒரு கையெழுத்துதான், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் இருபத்தோராவது ஆள் ஒருத்தி வேறு மாதிரி நடந்து வந்தால் வண்டி என்ன செய்யும் என்று கேட்டாள். பெரும்பாலும் நிற்கும் என்றார் மாடல்காரர். பெரும்பாலும் என்ற சொல்லை வைத்துக்கொண்டு யார் பாதத்தையும் காப்பாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

முதல் நாள் மாடல்காரர் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் அவளுக்குப் பதில் கிடைத்தது. ஆள் எது என்று வண்டிக்குத் தெரியவே வேண்டாம். வாசல் எது என்று தெரிந்தால் போதும். உட்கார்ந்து எழுதினாள்: எந்தத் திரைக்கும் ஐந்து மீட்டருக்குள் ஊர்ந்து போ, யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த வேகத்தில் லேசர் நிறுத்தினால் பெட்டி சரியாது. அடுக்கிப் பார்த்தார்கள், சரியவில்லை.

சாயங்காலம் மேனேஜர் தாளைப் பார்த்தார். "ஒரு திரைக்குப் பதினாலு செகண்ட் கூடுதே."

"கூடும் சார். இப்ப சும்மா நிக்கிறதுக்கே அதைவிட அதிகமாப் போகுது."

"அப்ப நெட்வொர்க்கே தேவையில்லைன்னு சொல்றீங்களா?"

"அழுகின பழத்தைப் பிரிக்கிற இயந்திரக் கை இருக்கே, அதுக்குத் தேவை. அழுகல் இப்படித்தான் இருக்கும்னு என்னால எழுத முடியாது. வண்டிக்கு வேண்டாம்."

"தம்பி இன்னும் பழக்கலாம்கிறார். பழைய படமும் வீணாகாதாம். எதுக்கு இவ்வளவு பிடிவாதமா வேண்டாங்கிறீங்க?"

மாடல்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலக்கா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். 

"அது ஒருத்தருக்காகத்தான் சார் காத்திருக்கு" என்றாள். "அவர் செத்துப் போயிட்டார். இனிமே வரமாட்டார்."

அவர் போன ஐந்து மாதத்தில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அங்கேயே, மேனேஜர் எதிரிலேயே, தாளின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள்.