தாளிக்கிற கரண்டி

அக்கா மகன் ஐந்து வயதிலும் டவுசரிலேயே வெளிக்குப் போனான். "இன்னொருக்கா போனீன்னா சூடுதான்" என்று அக்கா தாளிக்கிற கரண்டியை அடுப்பில் வைத்தாள். அவன் கதவுக்குப் பின்னால் கால்களைப் பின்னி, வியர்த்து நின்றான்.

வீட்டில் படித்தவன் என்று என்னையும் ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். "வேணும்னு போகலைங்க. வலிக்குமுன்னு பயந்து அடக்கறான். உள்ள இறுகிக் கெடக்கு, அதச் சுத்திக் கசியுது" என்றார் டாக்டர். மலம் இளக மருந்து தந்தார். சாப்பிட்டதும் சற்று நேரம் உட்கார வைத்து, வராவிட்டாலும் பாராட்டச் சொன்னார். திட்டவே கூடாதாம்.

மறுநாள் சாப்பிட்டதும் கக்கூஸ் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தான். ஒன்றும் வரவில்லை. "உக்காந்தியே, அதுவே போதும் சாமி" என்றேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

அக்கா கடுகு தாளிக்க அந்தக் கரண்டியை அடுப்பில் வைத்தாள். அவன் கால்கள் மறுபடி பின்னிக்கொண்டன.